“ஒன்னும் வேணாம், சும்மா” என்றால் அடுத்து என்ன சொல்வது?

ஹட்டனில் 22 வருடம் புடவைக்கடை கவுண்டரில் நின்றவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

“வேணாம் அண்ணே, சும்மா பார்க்கிறேன்னு சொன்னதும் எனக்குப் பேச்சே வருவதில்லை. ஓகே சொல்லிட்டு நிற்கிறேன்.” (பண்டாரவளை, கடைக்குப் புதியவர்)

அப்படி நிற்பதுதான் கோளாறு, தம்பி. வாய் பேச்சை முடித்துவிட்டது, கால் முடிக்கவில்லை. “சரிங்கக்கா, பாருங்க. நான் அங்கே மடிச்சிக்கிட்டு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே போய் மடிக்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று சொல்லியாயிற்று, பிறகு கண்ணாலும் துரத்தக் கூடாது.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, தோட்டத்திலிருந்து ஓர் அக்கா மகனோடு வந்தார். “என்ன வேணும்?” என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அடுத்த மாதம் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே, “இதுல பெரிய சைஸ் இருக்கா?” என்றார்.

“வேணாம்னா உள்ளுக்குள்ள வேணும்னுதான் அர்த்தம். எங்கம்மா மூணு தரம் கேட்பாங்க, அதுதானே மரியாதை?” (அப்புத்தளை)

வீட்டில் பாதி சரி. பிளேன்டீக்கு வரும் முதல் ‘வேணாம்’ பெரும்பாலும் கூச்சம்தான், இன்னொரு தடவை கேட்கலாம். ஆனால் உட்காராமல், இஸ்தோப்பிலேயே குடையோடு நின்று, “பஸ் வந்துரும்” என்று காரணமும் சொன்னால் அது நிஜமான வேணாம். “சரி, அடுத்த தடவை குடிச்சிட்டுத்தான் போகணும்” என்று விட்டுவிடுங்கள். கடையில் ஒரு தடவைக்கு மேல் கேட்டால் அது நச்சரிப்பு.

“அம்மா போன் எடுத்து, ‘ஒன்னுமில்லப்பா, சும்மாதான்’ங்கிறாங்க. ‘சரி வைக்கிறேன்’னா கோபம்.” (கொழும்பில் வேலை)

அந்த ‘சும்மா’ உங்கள் குரலைக் கேட்கத்தான். அவர் சொன்னதில் ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள்: “மழை விட்டுச்சா?” அப்புறம், “ஞாயித்துக்கிழமை எடுக்கிறேன்மா, வைக்கவா?” ‘வைக்கிறேன்’ என்பதில் முடிவு உங்களுடையது, ‘வைக்கவா’ என்பதில் அம்மாவுடையது. ஞாயிற்றுக்கிழமை எடுக்க மாட்டீர்கள் என்றால் அதை மட்டும் சொல்லாதீர்கள்.

“சிங்கள வாடிக்கையாளர் ‘முக்குத் எபா’ன்னாங்க. கோபமா?” (நுவரெலியா)

இல்லை தங்கச்சி, ‘எபா’ நம் வேணாம்தான். “ஹா, ஹொந்தாய்” என்று சிரித்தால் போதும். போகும்போது “கிஹின் என்னங்” என்பார்கள், அதுவும் அப்படியே நம்முடைய ‘போயிட்டு வாறேன்’.

“எங்க கடைக்கு ஒரு மாமா வருவார். ‘ஒன்னும் வேணாம்’னு அரை மணி நேரம் நிற்பார். எப்படி அனுப்புறது?” (தலவாக்கலை)

நான் சொன்னது வேறு, நீங்கள் கேட்பது வேறு. அவர் இன்னும் பேச்சை முடிக்கவில்லை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, “வேற ஏதாச்சும் சொல்ல வந்தீங்களா மாமா?” என்று கேட்டுப் பாருங்கள். கடன் கேட்க வந்தவராக இருக்கலாம், பேச ஆள் இல்லாதவராகவும் இருக்கலாம். என் கடைக்கும் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து நிற்பார். ஏன் வந்தார் என்று கடைசிவரை சொல்லவேயில்லை.