பி12-ஆ, ஃபோலேட்டா? அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்துப் பாருங்கள்

கேள்வி: டாக்டர் அம்மா, நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. ஊட்டச்சத்து இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வைட்டமின் குறைபாடுகளை எல்லாம் அறிகுறி, பரிசோதனை முடிவு என்று அட்டவணை போட்டுத்தான் படிக்கிறேன். பி12, ஃபோலிக் அமிலம் இரண்டுக்கும் ஒரே மாதிரி வருகிறது. போன தேர்வில் மாற்றி எழுதிவிட்டேன். எப்படிப் போட்டால் குழம்பாது?

பதில்: உங்கள் அட்டவணையில் வைட்டமின், அறிகுறி, பரிசோதனை என்று மூன்று பத்திகள் இருக்கும். வைட்டமினுக்கும் அறிகுறிக்கும் நடுவில் இன்னொரு பத்தி போடுங்கள். அதற்கு "எந்த வேலை நின்றுபோகிறது?" என்று தலைப்பு கொடுங்கள். அதை நிரப்பிவிட்டால் வலப்பக்கத்தில் வரவேண்டியது தானாகவே வரும், மனப்பாடம் பாதியாகக் குறையும். நீங்கள் தடுமாறிய அந்த இரண்டு வரிகளையே எடுத்துச் செய்துகாட்டுகிறேன்.

நம் உடம்பில் பி12-க்கு இரண்டு வேலைகள்தான். ஒன்று, ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாக மாற்றுவது. இதற்குத் தேவையான மெத்தில் தொகுதியைக் கொண்டுவந்து கொடுப்பது ஃபோலேட், வாங்கிக் கைமாற்றுவது பி12. அதாவது இது கூட்டு வேலை. இன்னொன்று, மெத்தில்மலோனைல் கோ-ஏ என்ற பொருளை சக்சினைல் கோ-ஏ ஆக்குவது. இதில் ஃபோலேட்டுக்குப் பங்கே இல்லை, பி12 தனியாகச் செய்கிறது.

சரி, இப்போது எது தேங்கும் என்று பாருங்கள். கூட்டு வேலை நின்றால் ஹோமோசிஸ்டீன் தேங்கும். பி12 குறைந்தாலும் தேங்கும், ஃபோலேட் குறைந்தாலும் தேங்கும். தனி வேலை நின்றால் மெத்தில்மலோனிக் அமிலம் தேங்கும். அது பி12 குறைந்தால் மட்டும்தான். தேர்வில் இந்த இரண்டையும் பிரிக்கக் கேட்கும் கேள்விக்கு விடை இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

இரத்தத்தில் மட்டும் ஏன் இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது? டி.என்.ஏ. கட்டுவதற்கு ஃபோலேட் வேண்டும். பி12 இல்லாதபோது ஃபோலேட் தன் மெத்தில் தொகுதியை இறக்கிவைக்க ஆளில்லாமல் அந்த வடிவத்திலேயே மாட்டிக்கொள்கிறது. இதைத்தான் பாடத்தில் ஃபோலேட் பொறி என்று படித்திருப்பீர்கள். இரத்தத்தில் ஃபோலேட் இருக்கும், ஆனால் வேலைக்கு வராது. ஆக, எது குறைந்தாலும் எலும்பு மஜ்ஜையில் டி.என்.ஏ. கட்டுவது தாமதமாகும், செல் பிரியாமல் பெருத்துக்கொண்டே போகும். சிவப்பணு பெரிதாகும், அதன் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 100-ஐத் தாண்டும். வெள்ளணுவில் நியூட்ரோஃபிலின் உட்கரு ஐந்து ஆறு மடலாகப் பிரிந்து தெரியும். நாக்கு சிவந்து வழவழவென்று இருக்கும். இவை எல்லாம் இரண்டுக்கும் பொது. இவற்றைப் பொதுவாக ஒரே கட்டத்தில் எழுதிவிட்டு, வேறுபடுவதை மட்டும் தனியே எழுதுங்கள்:

| | பி12 குறைபாடு | ஃபோலேட் குறைபாடு |
|---|---|---|
| நிற்கும் வேலை | கூட்டு வேலை, தனி வேலை இரண்டும் | கூட்டு வேலை மட்டும் |
| ஹோமோசிஸ்டீன் | கூடும் | கூடும் |
| மெத்தில்மலோனிக் அமிலம் | கூடும் | கூடாது |
| தண்டுவடம் | பாதிக்கும் | பொதுவாகப் பாதிக்காது |
| சேமிப்பு தீர | சில வருடங்கள் | சில மாதங்கள் |

கடைசி வரிக்கு ஒரு சின்னக் கணக்கு. கல்லீரலில் பி12 இருப்பு 2 முதல் 5 மில்லிகிராம். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2 மைக்ரோகிராம். 2 மில்லிகிராமை இதால் வகுத்தால் 1000 நாள், கிட்டத்தட்ட மூன்று வருடம். ஃபோலேட்டுக்கு இப்படிப்பட்ட இருப்பு கிடையாது, நான்கு மாதம் சரியாகச் சாப்பிடாவிட்டாலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கர்ப்பிணிகளிடம் ஃபோலேட் குறைபாடு சீக்கிரம் தெரிகிறது. லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாயில் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது சரியாகிறது என்று 1931-இல் எழுதினார். அந்தச் சாற்றிலிருந்தது ஃபோலேட் என்று பிறகு தெரியவந்தது.

தண்டுவடம் என்ற வரியை ஏன் தனியாக வைத்தேன் என்பதற்கு ஒரு நோயாளியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 62 வயது ஆச்சி ஒருவர் வந்தார். பிறந்ததிலிருந்து சைவம். வீட்டில் சொதியும் அவியலும் உண்டு, கீரை தினமும் உண்டு. பால் சேராது என்று மோர்கூட அபூர்வம். சர்க்கரைக்கு ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரண்டு வருடம் முன்பு சோர்வு என்று வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே எடுத்த பரிசோதனைத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். ஹீமோகுளோபின் 8, ஹீமட்டோகிரிட் 24 சதவீதம், சிவப்பணு 2.1 மில்லியன். எம்.சி.வி. கணக்கிடத் தெரியும்தானே:

```
MCV = Hct × 10 ÷ RBC
    = 24 × 10 ÷ 2.1 = 114
```

114 என்றால் பெரிய சிவப்பணு. பி12 அளவு பார்க்காமலே ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியது. எல்லாரும் நிம்மதியானார்கள்.

என்னிடம் வந்தபோது ஆச்சிக்குச் சோர்வே இல்லை. "செருப்பு கழண்டு போறதே தெரியமாட்டேங்கு டாக்டரம்மா" என்றார். பாதத்தில் மதமதப்பு. அப்புறம் மகள் ஒன்று சொன்னார்: தாமிரபரணியில் குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் அடித்துக் கண்ணை மூடினால் படித்துறையில் ஆச்சி சாய்ந்துவிடுகிறார், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நீங்கள் ராம்பெர்க் சோதனை என்று படித்திருப்பீர்களே, அது இதுதான். பாதம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பின்தண்டு நரம்புப் பாதை கெட்டால், கண்தான் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். கண்ணை மூடியதும் பிடிமானம் போய்விடும்.

சர்க்கரை நோய் இருப்பதால் சர்க்கரை நரம்புப் பாதிப்பு என்று சொல்லி அனுப்பிவிட எல்லா வாய்ப்பும் இருந்தது. பிரித்துக் காட்டியது இதுதான்: 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு கால் விரலிலும் கணுக்காலிலும் தெரியவில்லை. கணுக்கால் தசைநாரைத் தட்டினால் அனிச்சைத் துடிப்பு வரவில்லை. ஆனால் உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே எழும்பியது. சர்க்கரையால் கெடுவது புற நரம்பு. அதனால் மட்டும் கட்டைவிரல் மேலே எழாது. அது எழுந்தால் கோளாறு தண்டுவடத்திலோ மூளையிலோ இருக்கிறது. அனிச்சைத் துடிப்பு போய்க் கட்டைவிரல் எழுவது பி12 குறைபாட்டில் வரும் சேர்க்கை, தேர்விலும் கேட்பார்கள். ஆச்சியின் விரல் முட்டிகளும் கறுத்திருந்தன. நம் நிறத்தில் இது எளிதாகக் கண்ணில் படும். பாடநூலில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும், நீங்கள் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் எடுத்தோம். ஹீமோகுளோபின் 11.2, ஹீமட்டோகிரிட் 34, சிவப்பணு 3.5 மில்லியன். நீங்களே வகுத்துப் பாருங்கள், எம்.சி.வி. 97 வரும். சாதாரண அளவு! இதை மட்டும் பார்த்தால் பி12 குறைபாடு இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 138 பிக்கோகிராம்தான் இருந்தது. 200-க்குக் கீழே போனால் குறைவு என்று பெரும்பாலான ஆய்வகங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஹோமோசிஸ்டீன் 48, இருக்கவேண்டியது 15-க்குள். மெத்தில்மலோனிக் அமிலமும் பல மடங்கு கூடியிருந்தது. ஃபோலேட் மட்டும் தாராளமாக இருந்தது.

என்ன நடந்தது என்று அட்டவணையின் நடுப்பத்தியை வைத்தே சொல்லிவிடலாம். மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலத்தில் மெத்தில் தொகுதி கிடையாது. அது பொறியில் மாட்டாமல் நேராக டி.என்.ஏ. வேலைக்குப் போய்விட்டது. மஜ்ஜை தேறியது, சிவப்பணு சுருங்கிச் சரியான அளவுக்கு வந்தது. ஆனால் பி12-இன் இரண்டு வேலைகளும் நின்றது நின்றபடியே இருந்தன. நரம்பின் மயலின் உறை இரண்டு வருடம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே வந்தது. "பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுக்கக் கூடாது, ஏன்?" என்ற கேள்விக்கு இதுதான் முழு விடை. மனது வலிக்கிற விடையும்கூட, ஏனென்றால் இரண்டு வருடம் முன்பே ஊசி போட்டிருந்தால் ஆச்சி சாய்ந்திருக்கமாட்டார்.

1000 மைக்ரோகிராம் பி12 ஊசி இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு இடைவெளி விட்டுக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் மதமதப்பு குறைந்தது, படித்துறையில் தனியாக நிற்கிறார். ஆனால் கால் விரலில் அதிர்வு உணர்வு இன்னும் திரும்பவில்லை. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அதனால் வருடம் ஒருமுறை அளவு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கீரை தினமும் சாப்பிட்டவருக்கு எப்படிக் குறைந்தது என்று மகள் கேட்டார். கீரையில் இருப்பது ஃபோலேட். பி12 அதில் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு.

பரிசோதனைப் பத்தியில் இரண்டு எச்சரிக்கைகளைப் பொடி எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மெத்தில்மலோனிக் அமிலமும் ஹோமோசிஸ்டீனும் பி12 சரியாக இருக்கும்போதே கூடும். கூடவே இரும்புச்சத்தும் குறைந்திருந்தால் சிறிய அணுவும் பெரிய அணுவும் கலந்து எம்.சி.வி. சராசரியில் சாதாரணமாகக் காட்டும். அப்போது அணுக்களின் அளவு வேறுபாட்டைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. கூடியிருக்கும், நியூட்ரோஃபிலின் மடல்களும் காட்டிக்கொடுக்கும்.

இதே நடுப்பத்தியை மற்ற வைட்டமின்களுக்கும் நீங்களே நிரப்பலாம். தயமினுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பைருவேட்டை அசெட்டைல் கோ-ஏ ஆக்கும் வேலை நிற்கிறது என்று எழுதினால், பைருவேட்டும் லாக்டேட்டும் ஏன் கூடுகின்றன என்று தெரிந்துவிடும். சிவப்பணுவிலுள்ள டிரான்ஸ்கீட்டோலேஸ் என்ற நொதிக்கும் தயமின்தான் துணை. அதனால் ஆய்வகத்தில் அந்த நொதியோடு தயமின் பைரோபாஸ்பேட்டைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சேர்த்ததும் நொதியின் வேகம் நன்றாக ஏறினால், அதுவரை அது தயமின் இல்லாமல் காத்திருந்தது என்று பொருள்.