அழைத்த விருந்தாளிக்கு பில் போடலாமா?

கேள்வி: புதுக்கோட்டையில் 32 பேர் உட்காரும் சிறிய அசைவ மெஸ் ஒன்றை ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம். அச்சகத்தில் காட்டும் அழைப்பிதழ்கள் எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கின்றன. நானே எழுதும் கடிதமாக அடித்து 500 பேருக்குக் கொடுக்க ஆசை. ஆனால் பெயர் எழுதி 'வாங்க' என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவர்களிடம் எப்படிக் காசு கேட்பது? கடிதத்தில் அதை எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப்பில் 25,000 பேருக்கு அனுப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: பூஜையையும் வியாபாரத்தையும் கடிதத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காலையில் பூஜை, வருகிறவர்களுக்கு கேசரியும் காபியும் உங்கள் செலவு. பகலில் சாப்பாடு, அது வியாபாரம். இந்த இரண்டையும் ஒரே வரியில் 'திறப்பு விழாவுக்கு வருக' என்று எழுதுவதால்தான் சிக்கல் வருகிறது. நம் ஊரில் பெயர் எழுதிக் கூப்பிட்டால் அது விருந்து. வருகிறவர் கவரில் 101 ரூபாய் வைத்து எடுத்து வருவார், சாப்பிட்டுக் கை கழுவுவார். அதன் பிறகு பில்லை நீட்டினால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

காசு கேட்பதற்கு மரியாதையான ஒரு வழியை நம் வழக்கமே வைத்திருக்கிறது. அதுதான் போணி. கைராசிக்காரர் என்று நினைப்பவரைக் கூப்பிட்டு 'நீங்கள்தான் போணி பண்ணணும்' என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எனவே காலையில் பூஜை முடிந்ததும் கல்லாவில் உட்கார்ந்து பகல் சாப்பாட்டுக்கான டோக்கனை விற்கத் தொடங்குங்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஞாயிறு பகல் 12 முதல் 1.30 வரை எமகண்டம். முதல் பில்லை அந்த நேரத்தில் போட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். காலை நல்ல நேரத்திலேயே டோக்கன் போணி ஆகிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

நான் எழுதினால் கடிதம் இப்படி இருக்கும். தெரு, பதார்த்தம், விலை எல்லாவற்றையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள .................. அவர்களுக்கு,

வணக்கம். கீழ ராஜ வீதியில், முன்பு அரிசிக் கடை இருந்த இடத்தில், நானும் என் கணவரும் சின்னதாக ஓர் அசைவ மெஸ் தொடங்குகிறோம். அடுப்படி என் மாமியாருடையது. அவர் வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்பை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் அம்மியில் அரைத்தார், கடைக்கு கிரைண்டர்தான். ஆனால் மசாலா வறுப்பதை இன்னும் யாரிடமும் விடவில்லை.

ஞாயிறு காலை 7 முதல் 9 வரை கணபதி பூஜை. குடும்பத்தோடு வந்து வாழ்த்திவிட்டு, கேசரியும் காபியும் சாப்பிட்டுப் போங்கள். மொய், அன்பளிப்பு எதுவும் வேண்டாம். மனதுக்குத் தோன்றினால் பகல் சாப்பாட்டுக்கு ஒரு டோக்கன் வாங்கி உங்கள் கையால் போணி செய்து வையுங்கள்.

பகல் 12 மணிக்கு இலை போடுகிறோம். நாட்டுக்கோழிக் குழம்புடன் சாப்பாடு 180 ரூபாய், வரி உட்பட. உங்களுக்கு .......... மணிக்கு இடம் வைத்திருப்போம். அன்று தோதுப்படாவிட்டால் அந்த வாரத்தில் என்றைக்கு வந்தாலும் சரி. உப்பு, காரம் எப்படி இருந்தது என்று என்னிடமே சொல்லுங்கள்."

கீழே உங்கள் கையெழுத்து, தொலைபேசி எண், அவ்வளவுதான். 'அறுசுவை', 'நாவூறும் சுவை', 'உங்கள் நல்லாதரவை நாடும்' எல்லாம் வேண்டாம். அவை எந்தக் கடைக்கும் பொருந்தும். ஒரே ஒரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்லுங்கள், யார் சமைக்கிறார் என்று சொல்லுங்கள். இருபது அயிட்டத்தின் பட்டியலை கடிதத்தில் போட்டால் படிப்பவர் ஒன்றையும் நினைவில் வைக்க மாட்டார். விலையைக் கட்டாயம் போடுங்கள். 'இது விருந்தில்லை, சாப்பாடு விலைக்கு' என்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் அந்த எண்ணே சொல்லிவிடும். வரி உட்பட என்று எழுதினால் பில்லிலும் அதே தொகைதான் வர வேண்டும்.

அடுத்து, 500 கடிதம். 32 இருக்கை, ஓர் ஆள் உட்கார்ந்து எழ 40 நிமிடம், 12 முதல் 3.30 வரை என்றால் ஐந்து பந்தி வரும் என்று காகிதத்தில் கணக்கு வரும். புதுச் சமையலறையில் மூன்று பந்தி ஒழுங்காகப் போனாலே பெரிய விஷயம். அதாவது 96 பேர். ஒரு கடிதத்துக்கு ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் வருவார்கள். கொடுத்த வீடுகளில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும் முதல் நாளுக்கு 64 கடிதம் போதும். மீதியை அடுத்தடுத்த நாட்கள் போட்டு, பிரித்துக் கொடுங்கள். கடிதத்தில் மணிக்கு இடம் விட்டிருப்பதும் இதற்காகத்தான். எல்லோரும் 1 மணிக்கு வந்து நின்றால் குழம்பு இருக்கும், இலை போட இடம் இருக்காது. அவர்கள் ஊர் முழுக்கப் பேசப்போவது அந்த முக்கால் மணி நேரக் காத்திருப்பைத்தான்.

'முதல் 100 பேருக்கு இலவசம்', 'ஒரு ரூபாய்க்குப் பிரியாணி' போன்ற யோசனைகளை யாராவது கொண்டுவருவார்கள். மதுரையில் 2021இல் ஐந்து பைசா நாணயத்துக்குப் பிரியாணி என்று ஒரு கடை அறிவித்தது. கொரோனா காலத்தில் கூட்டம் முண்டியடித்து, கடைசியில் ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று. அப்படி வருகிற கூட்டம் மறுநாள் 180 ரூபாய் கொடுக்க வராது.

பெயர் வரிசைக்கு வருவோம். தலைமை, முன்னிலை, குத்துவிளக்கு ஏற்றுபவர், முதல் விற்பனையைத் தொடங்கி வைப்பவர், பெற்றுக்கொள்பவர் என்று அச்சகத்துக்காரர் ஒரு ஏணியே போட்டுக் கொடுப்பார். கடிதத்தில் அது எதுவும் வேண்டாம். ஒரே ஒரு ஆள் மட்டும் இதற்கு விலக்கு: கட்டட உரிமையாளர். அவர் பெயர் இல்லாமல் அடித்துவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டிக்கும் புகைக்குழாய்க்கும் பின்பக்கக் கதவுக்கும் அவரிடமே போய் நிற்கும் கடைக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் உங்கள் உறவினர் என்றாலும் பெயர் வேண்டும். உறவினர் என்றால் இன்னும் கட்டாயமாக வேண்டும். உரிமை அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தால் இரண்டு பெயரையும், மூத்தவரை முதலில் வைத்துப் போடுங்கள். வாடகை ஒப்பந்தம் யாரோடு போட்டீர்கள் என்பது இங்கே பேச்சே இல்லை. இடம் அந்த வீட்டம்மா பெயரில் இருந்தால் அவர் பெயரைத்தான் போட வேண்டும், ஒப்புக்குக் கணவர் பெயரைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். 'எங்களுக்கு இடம் கொடுத்த இன்னார் விளக்கேற்றித் தொடங்கி வைக்கிறார்' என்று பூஜை வரிக்குக் கீழே ஒரு வரி போதும். அடிக்கும் முன் அந்த வரியை அவரிடம் காட்டிவிடுங்கள். இனிஷியல் தவறினாலும் மனஸ்தாபம்தான்.

சரி, அந்த 25,000 வாட்ஸ்அப் ஆசாமி. கொடுக்காதீர்கள். அவரிடம் இருப்பது எங்கிருந்தோ திரட்டிய எண்கள். உங்கள் கடையிலிருந்து செய்தி வேண்டும் என்று அதில் ஒருவரும் கேட்கவில்லை. இப்படிக் கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பும் எண்ணை வாட்ஸ்அப் முடக்கிவிடும். அவர் உங்கள் எண்ணிலிருந்து அனுப்பினால் போவது உங்கள் கடை எண். கடிதத்தில் அச்சடித்து ஊருக்கே கொடுத்த எண்! அவர் எண்ணிலிருந்து அனுப்பினாலோ, பெறுபவர்களில் எத்தனை பேர் மதுரை, எத்தனை பேர் சேலம் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. 'டெலிவர்டு' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்டுவார், பணம் போய்விடும். நீங்களே ஒரு பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் கடிதத்தை நேரில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதே ஆசாமியின் கூட்டாளி ஒருவர் 'யூடியூப் விமர்சகரைக் கூட்டி வருகிறேன்' என்று அடுத்த வாரம் வருவார். திறப்பு நாளில் கேமரா வைத்த ஆட்கள் ஓர் இலையை அரை மணி நேரம் படம் பிடித்தால் உங்கள் மூன்று பந்தி இரண்டாகும். ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

தேதியை அச்சடிக்கும் முன் உணவுப் பாதுகாப்பு உரிமம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் என்றால் 14 இலக்க எண் உள்ள சான்று. விண்ணப்ப எண் உரிமம் ஆகாது. foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். அதைச் செய்து தர இடைத்தரகர் எத்தனை மடங்கு கேட்கிறார் என்று சொன்னால் வயிறு எரியும். பாதித் தவறு தரகருடையது என்றால் மீதி இந்த ஏற்பாட்டுடையது. எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஒரு ஆவணத்தில் முகவரி ஒரு எழுத்து மாறியிருந்தால் திரும்பி வரும், என்ன தவறு என்று கேட்க ஓர் ஆள் கிடைக்க மாட்டார். அதனால்தான் ஜனங்கள் தரகரிடம் போகிறார்கள். நாளை முதலில் குறித்துவிட்டு உரிமத்தைப் பின்னால் துரத்தாதீர்கள். இன்னொன்று, ஆவணியின் கடைசி ஞாயிறு என்றால் யோசியுங்கள். அடுத்து புரட்டாசி, அசைவக் கடைக்கு அது மந்தமான மாதம்.

அச்சு: வழவழப்பான, லேமினேஷன் போட்ட அட்டை வேண்டாம். அதில் பேனா ஓடாது. ஓடினாலும் மை அப்பிக்கொள்ளும். பெயரையும் மணியையும் நீங்கள் கையால் எழுதப்போகிறீர்கள், எனவே 100 ஜிஎஸ்எம் சாதா வெள்ளைத் தாள், ஏ5 அளவு, ஒரே பக்கம். கடிதத்தை போனில் தட்டி அனுப்பினால் அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி 'கோழி' என்ன என்னவோ ஆகிவிடும். திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். ஒரு தாள் அச்செடுத்து வாங்கி, உங்கள் தொலைபேசி எண்ணுக்கு அந்தத் தாளைப் பார்த்தே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். திறப்புக்கு ஐந்தாறு நாள் முன்னால் கொடுத்தால் போதும். அதற்கு முன்பே கொடுத்தால் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்து மறந்துபோவார்கள்.