பாதி டிரெயிலில் சப்ஜெக்டை மாற்றலாமா, புது மெயில் போடணுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணி நிறத்துக்கு அப்ரூவல் வாங்க அனுப்பும் லேப் டிப்புக்காக ஆரம்பித்த மெயிலில் இப்போது ஷிப்மெண்ட், பேமெண்ட் எல்லாம் ஓடுகிறது. குழப்பம் வேண்டாம் என்று பதில் போடும்போது சப்ஜெக்டை மாற்றினேன். பையரோ "உங்க ரிப்ளை வரவே இல்லையே" என்கிறார். எப்போது சப்ஜெக்டை மாற்றணும், எப்போது புது மெயிலே போடணும்?

பதில்: உங்கள் ரிப்ளை பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும். பையர் தேடும் இடத்தில்தான் அது இல்லை. அவர் ஜிமெயிலில் படிப்பவராக இருந்தால் இப்படித்தான் நடக்கும்: சப்ஜெக்ட் மாறிய உடனே ஜிமெயில் அந்த மெயிலைப் பழைய உரையாடலிலிருந்து பிரித்துத் தனி உரையாடலாகப் போட்டுவிடும். அவர் பழைய டிரெயிலைத் திறந்து கடைசி மெயில் வரை உருட்டிப் பார்க்கிறார். உங்கள் பதில் பட்டியலில் வேறு ஒரு வரியாக, வேறு ஒரு பெயரில் கிடக்கிறது. இன்பாக்ஸில் தினம் இருநூறு மெயில் விழும் ஆளுக்கு அது கண்ணில் படாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. "Re:" மட்டும் கூடினாலோ குறைந்தாலோ ஜிமெயில் பொருட்படுத்தாது. கடைசியில் "- urgent" என்று ஒரு சொல் சேர்த்தாலும் போதும், பிரித்துவிடும்.

சரி, எல்லா இடத்திலும் இப்படியா என்றால் இல்லை. மெயிலுக்கு நாம் பார்க்கும் சப்ஜெக்ட் தவிர, பார்க்காத சில வரிகளும் உண்டு. ஜிமெயிலில் ஏதாவது ஒரு பதில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "Show original" அழுத்திப் பாருங்கள். நடுவில் இப்படி வரும்:

```
Message-ID: <c3@example.com>
In-Reply-To: <b2@example.com>
References: <a1@example.com> <b2@example.com>
Subject: Re: PO 4471 Lab dip Navy
```

ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு `Message-ID` உண்டு. நீங்கள் ரிப்ளை அழுத்தியதும் முந்தைய மெயிலின் எண் `In-Reply-To` வரியில் ஏறிக்கொள்கிறது. அதற்கு முன்னால் வந்தவற்றின் எண்களெல்லாம் வரிசையாக `References` வரியில் சேர்ந்துகொண்டே போகும். சப்ஜெக்டை அழித்து எழுதினாலும், உள்ளே இருந்த பழைய பேச்சு முழுவதையும் அழித்தாலும், இந்த வரிகள் அப்படியே இருக்கும். தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள் டிரெயிலைக் கட்டுவது இவற்றை வைத்துத்தான். அங்கே சப்ஜெக்ட் மாறிய மெயிலும் பழைய டிரெயிலின் அடியிலேயே போய் உட்காரும். அவுட்லுக் இதற்கென்று தன் சொந்த வரிகளையும் வைத்திருக்கிறது. ஆக ஒரே மெயில், ஒருவருக்குப் பிரிந்து போகிறது, இன்னொருவருக்குப் புதைந்து போகிறது. எதிரில் இருப்பவர் எதில் படிக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அதனால் இரண்டில் எது நடந்தாலும் கெடாத மாதிரி முடிவெடுக்க வேண்டும்.

நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: படிப்பவருக்குக் கீழே இருக்கும் பழைய மெயில் தேவையா? அதைப் பார்க்காமல் என் பதில் புரியாது என்றால் ரிப்ளை. அது இல்லாமலே புரியும் என்றால் புது மெயில். சப்ஜெக்டை மாற்றுவது ரிப்ளைக்குள் வரும் ஒரு சின்ன வகை. பேச்சு பழையதிலிருந்து கிளைத்தது, ஆனால் இனி தனியாக ஓடப் போகிறது என்றால் மட்டும் அது.

உங்கள் ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். PO நம்பர் 4471 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேவிக்கு A, B, C என்று மூன்று லேப் டிப் கூரியரில் போகிறது. பையர் "B பரவாயில்லை, ஆனால் சிவப்பு அடிக்கிறது, மறுபடி அனுப்புங்கள்" என்கிறார். நீங்கள் D, E அனுப்புகிறீர்கள். இது வரைக்கும் சப்ஜெக்டில் கை வைக்கவே கூடாது. "Resubmission" என்று சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். நாளை சரக்கு போய் இறங்கி, நிறம் சரியில்லை என்று பிரச்சினை வந்தால், எந்த ஆப்ஷனை யார் எந்தத் தேதியில் ஓகே செய்தார் என்பது ஒரே டிரெயிலில் மேலிருந்து கீழ் வரை இருக்க வேண்டும். அப்ரூவல் பாதி ஒரு சப்ஜெக்டிலும் மீதி இன்னொன்றிலும் இருந்தால், உங்கள் கையில் இருப்பது அரைகுறை ஆதாரம்தான்.

இப்போது பையர் எழுதுகிறார்: "D அப்ரூவ்டு. அப்படியே, ஷிப்மெண்ட்டைப் பத்து நாள் முன்னால் தர முடியுமா?" ஒரே மெயிலில் இரண்டு சங்கதி. இங்கேதான் எல்லோரும் ஒரே பதிலில் இரண்டையும் அடைத்து அனுப்பி மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பதில் போடுங்கள். முதலாவது, பழைய சப்ஜெக்டிலேயே: D-க்கு அப்ரூவல் கிடைத்தது, பல்க் டையிங்குக்குப் போகிறோம், ஷிப்மெண்ட் தேதி பற்றித் தனி மெயில் அனுப்பியிருக்கிறோம், அதன் சப்ஜெக்ட் இது. இந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு விடுபட்டுப்போனது. இது இருந்தால், பழைய டிரெயிலையே பார்த்துக்கொண்டிருப்பவரும் புதியதைத் தேடிப் போவார். இரண்டாவது பதிலும் அதே மெயிலுக்கு ரிப்ளைதான், ஏனென்றால் அவர் கேட்ட வரி அடியில் இருக்க வேண்டும். சப்ஜெக்ட் மட்டும் மாறும்:

```
PO 4471 Ship date advance (was: Lab dip Navy)
```

அடைப்புக்குள் பழைய பெயரைப் போடுவது, பழைய இணைய விவாதக் குழுக்களான யூஸ்நெட் காலத்து வழக்கம். பழைய சப்ஜெக்டை வைத்துத் தேடினாலும் இது கிடைத்துவிடும். அடுத்த பதிலிலேயே அந்த அடைப்பை எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முறைப்படி எடுக்கலாம், ஆனால் எடுத்தால் ஜிமெயிலில் மறுபடி பிரியும். நான் அதை அப்படியே விட்டுவிடுவேன், பார்க்க அழகு குறைந்தாலும்.

இன்னொன்று: மாறாதது முன்னால், மாறுவது பின்னால். PO நம்பர் எப்போதும் முதலில் இருக்கட்டும். ஃபோனில் முதல் நாலைந்து சொல்தான் தெரியும்.

எங்கே மாற்றுவது என்று தெரியாமல் விட்டவர்களும் நிறைய. ஜிமெயிலை கம்ப்யூட்டரில் பார்க்கும்போது ரிப்ளை பெட்டியில், பெறுநர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் "Edit subject" வரும். அவுட்லுக்கில் கீழேயே ரிப்ளை திறந்து சப்ஜெக்ட் தெரியவில்லை என்றால் "Pop Out" அழுத்தித் தனி விண்டோவாக்குங்கள்.

இனி புது மெயில். பத்து நாள் முன்னால் தர முடியுமா என்று நீங்கள் டையிங் யூனிட்டைக் கேட்க வேண்டும், சரக்கைக் கப்பலில் ஏற்றி அனுப்பும் ஃபார்வர்டரிடம் வெசல் கேட்க வேண்டும். ஆள் மாறிவிட்டார். ஆள் மாறினால் ரிப்ளையும் வேண்டாம், ஃபார்வர்டும் வேண்டாம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஷேடு பற்றி பையர் எழுதிய கமெண்டை டையிங்காரருக்குக் காட்ட, சப்ஜெக்டை மட்டும் அழகாக மாற்றி அந்த டிரெயிலை அப்படியே ஃபார்வர்டு செய்துவிட்டேன். மேலே இருந்த மெயிலை மட்டும்தான் பார்த்தேன். பதினாலு மெயிலுக்குக் கீழே, ஆர்டர் கன்ஃபர்ம் ஆன அன்று பேசிய பீஸ் ரேட் இருந்தது. அடுத்த மாதம் ரேட் பேச உட்கார்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, பையர்தான் உங்களுக்கு நல்லாக் குடுக்கறாரே" என்றார். எங்கள் எம்.டி. சிரிக்கவில்லை.

அதனால் டையிங் யூனிட்டுக்குப் புது மெயில் திறந்து, பையரின் கமெண்டில் தேவையான இரண்டு வரியை மட்டும் காப்பி செய்து ஒட்டுங்கள். ஃபார்வர்டருக்கும் அப்படியே. பேமெண்ட்டுக்கும் தனி மெயில்: அதைப் படிக்கப் போவது பையரின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள், அவர்களுக்கு லேப் டிப் கதை எதற்கு? தவிர, ரிப்ளை ஆல் அழுத்தும்போது பழைய CC கூட்டமும் கூடவே வரும். இன்வாய்ஸ் தொகை அவர்கள் எல்லோருக்கும் போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

முகவரியைத் தேடச் சோம்பல்பட்டு, அந்த ஆளிடமிருந்து கடைசியாக வந்த ஏதோ ஒரு மெயிலைத் திறந்து ரிப்ளை அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துப் புது சங்கதி எழுதும் பழக்கம் நம் ஆபீஸ்களில் ரொம்ப உண்டு. மேலே காட்டிய `References` வரி அங்கே காலை வாரும். தண்டர்பேர்டில் படிப்பவர் அந்தப் பழைய டிரெயிலை "Ignore Thread" போட்டு வைத்திருந்தால், உங்கள் புத்தம் புதிய சங்கதி சத்தமில்லாமல் அதோடு சேர்ந்து ஒதுங்கிவிடும். நீங்கள் அனுப்பிய மெயில் நிஜமாகவே புதிதா என்று சந்தேகமா? அனுப்பியதைத் திறந்து "Show original" பாருங்கள். `In-Reply-To` வரி இருந்தால் அது பதில்தான், சப்ஜெக்ட் என்ன சொன்னாலும் சரி.

ரிப்பீட் ஆர்டர் வரும்போதும் இதே தவறு நடக்கும். போன வருட டிரெயிலைத் தோண்டி எடுத்து "same as last" என்று பதில் போடுவார்கள். PO நம்பரே வேறு, ஆகவே புது மெயில்தான். பழைய அப்ரூவலின் தேதியையும் ஆப்ஷனையும் ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும்.

தொடவே கூடாத சப்ஜெக்டும் உண்டு. கூரியர் கம்பெனிக்கோ பேங்குக்கோ புகார் போட்டால் சப்ஜெக்டில் `[#48213]` மாதிரி ஒரு எண் வரும். பல இடங்களில் அவர்களின் சிஸ்டம் உங்கள் பதிலைப் பழைய புகாரோடு சேர்ப்பது அந்த எண்ணை வைத்துத்தான். அது காணாமல் போனால் உங்கள் பதில் புதுப் புகாராகப் பதிவாகி, வரிசையில் கடைசிக்குப் போகக்கூடும். சப்ஜெக்டில் எழுத்துப் பிழை இருந்தாலும் விட்டுவிடுங்கள். PO நம்பரே தப்பாக இருந்தால் மட்டும் உடனே திருத்தி, மெயிலின் முதல் வரியிலேயே "நம்பர் திருத்தப்பட்டது, முன்பு 4417 என்று தவறாக இருந்தது" என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் பையருக்கு: மாற்றிய சப்ஜெக்டில் மறுபடி எழுதாதீர்கள். பழைய லேப் டிப் டிரெயிலிலேயே ஒரு ரிப்ளை போட்டு, ஷிப்மெண்ட் பதில் இன்ன தேதியில், இன்ன சப்ஜெக்டில் வந்திருக்கிறது என்று அந்த சப்ஜெக்டை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். அவர் அதைத் தேடல் பெட்டியில் போட்டால் மெயில் வந்துவிடும். பேமெண்ட்டை அதோடு கோக்காமல் இன்றைக்கே தனியாக ஒரு மெயிலாக ஆரம்பித்துவிடுங்கள்.