அம்மாவுக்கு வாடகை: எது வரை திட்டமிடல், எது ஏய்ப்பு?

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அம்மாவின் பெயரில் உள்ள வீட்டில் அவரோடு சேர்ந்து குடியிருக்கிறோம். அம்மாவுக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டினால் வரி குறையும் என்று உடன் வேலை பார்ப்பவர் சொன்னார். போன வருடம் பணம் எதுவும் கொடுக்காமல் ரசீது மட்டும் எழுதி ஆபீஸில் தந்துவிட்டேன். இது சட்டப்படி சரியா, வரி ஏய்ப்பா?

பதில்: பெற்ற தாய்க்கு வாடகை கொடுக்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வீடு அவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அதில் உங்களுக்குப் பங்கு இருக்கக் கூடாது, நீங்கள் அங்கே குடியிருக்க வேண்டும், வாடகையை உண்மையிலேயே கொடுக்க வேண்டும். நான்கும் இருந்தால் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால், புதிய வரிமுறையில் இந்த விலக்கு கிடையாது. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான்.

உண்மையாகவே கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, வாடகைப் படி 24,000, அம்மாவுக்குக் கொடுக்கும் வாடகை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருட வாடகை 2.16 லட்சம். அதில் சம்பளத்தின் பத்து சதவீதமான 72,000 ரூபாயைக் கழித்தால் 1.44 லட்சம். வாங்கும் படியும், சென்னைக்கு உரிய வரம்பான சம்பளத்தில் பாதியும் இதைவிட அதிகம் என்பதால், மூன்றில் குறைந்ததான 1.44 லட்சத்துக்கு விலக்கு. 20 சதவீத வரி வரம்பில் இருந்தால், செஸ் சேர்த்து ஏறக்குறைய 30,000 ரூபாய் மிச்சம்.

அந்த 2.16 லட்சம் அம்மாவின் வருமானமாகிவிடும். சட்டமே அனுமதிக்கும் 30 சதவீதக் கழிவு போக, 1.51 லட்சம் அவர் கணக்கில் சேரும். வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் அவருக்கு வரி வராது. குடும்பத்தின் மொத்த வரி குறைகிறது, அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இதைத்தான் வரித் திட்டமிடல் என்கிறோம். சட்டத்தின் வரம்புக்குள் வரியைக் குறைத்துக்கொள்வது நியாயம், ஆனால் போலி ஏற்பாடுகளை அதில் சேர்க்க முடியாது என்று 1985-இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் பொருந்தும்.

போன வருடம் நீங்கள் செய்தது வேறு. பணம் கைமாறவே இல்லை, ரசீது மட்டும் இருக்கிறது. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டியது வரி ஏய்ப்பு. தொகை சிறியது என்பதாலோ, ஊரில் பலரும் செய்கிறார்கள் என்பதாலோ அதன் தன்மை மாறாது. உண்மையை மாற்றிச் சொல்லி வருமானத்தைக் குறைத்ததாகத் துறை முடிவு செய்தால், குறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். 30,000 ரூபாய் வரிக்கு 60,000 அபராதம், வரியும் வட்டியும் தனி. வேண்டுமென்றே ஏய்த்ததாகக் கருதினால் குற்ற வழக்கும் தொடரலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, பலரும் சிக்குவது அங்கேதான். ரசீது இருக்கும், பணமும் கொடுத்தேன் என்பார்கள், நிரூபிக்க ஒன்றும் இருக்காது. 2017-இல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயத்துக்கு வந்த வழக்கு ஒன்றில், தாய்க்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாக ஒரு பெண் சொன்னார். வாடகை ஒப்பந்தம் இல்லை, வங்கி வழியாகப் பணம் போகவில்லை, அவர் அங்கே குடியிருப்பதாகக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தகவலும் இல்லை. விலக்கு மறுக்கப்பட்டது.

அதனால் இனி கொடுப்பதாக இருந்தால், மாதாமாதம் அம்மாவின் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்புங்கள். எளிய ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அவருடைய பான் எண்ணை ஆபீஸில் தர வேண்டும். அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியவராக இருந்தால் இந்த வாடகை அதில் இருக்க வேண்டும். முக்கியமாக, அந்தப் பணம் அம்மாவின் பணமாகவே இருக்கட்டும். பேரனுக்கு அவர் பள்ளிக் கட்டணம் கட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாம் தேதி போன 18,000 ஏழாம் தேதி அப்படியே உங்கள் கணக்குக்குத் திரும்பி வந்தால், வங்கி அறிக்கையே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அப்புறம், போன வருடக் கணக்கு. திருத்திய ரிட்டர்னுக்கு இன்னும் அவகாசம் இருந்தால் அந்த விலக்கை நீக்கிவிட்டு, வரியையும் வட்டியையும் கட்டிவிடுங்கள். அவகாசம் முடிந்திருந்தால் ‘ஐடிஆர்-யு’ என்னும் புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது. முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் தாக்கல் செய்தால், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். உங்கள் கணக்கில் அது எட்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும். துறை விசாரணையைத் தொடங்கிவிட்டால் இந்த வழி குறுகிவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அந்த வருடத்துக்கு என்று இப்போது பின்தேதியிட்டு ஒப்பந்தம் எதுவும் எழுதாதீர்கள். ஒரு பொய் ரசீதோடு இன்னொரு போலி ஆவணமும் சேர்ந்தால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லவே இடமிருக்காது.