செட்டில்மெண்டில் ஒரு நாளுக்கு இரண்டு விலை

கேள்வி: வேலையை விட்டுவிட்டேன். ஃபுல் அண்ட் ஃபைனல் ஸ்டேட்மெண்ட் வந்திருக்கிறது, ஆனால் நான்தான் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். லீவ் என்கேஷ்மெண்ட், ரெக்கவரி, நோட்டீஸ் ஷார்ட்ஃபால் எல்லாம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

எனக்கும் இதேதான் நடந்தது. 8,548 ரூபாய் கட்டு என்று வந்த ஸ்டேட்மெண்ட், கடைசியில் 16,752 ரூபாய் என் கணக்கில் வரவாகி முடிந்தது. அந்தக் கணக்கை அப்படியே சொல்கிறேன், உங்கள் ஸ்டேட்மெண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் மாதச் சம்பளம் பிடித்தத்துக்கு முன் 60,000, அதில் பேசிக் 24,000. நோட்டீஸ் 60 நாள். மார்ச் 3-ஆம் தேதி ராஜினாமா மெயில் அனுப்பினேன், ஏப்ரல் 13 கடைசி நாள். மார்ச் சம்பளம் வழக்கம்போல வந்துவிட்டது. ஸ்டேட்மெண்டில் வரவாக ஏப்ரல் 13 நாள் சம்பளம் 26,000, மிச்சமிருந்த 14 நாள் லீவுக்கு 11,200. கழிவாக நோட்டீஸ் ஷார்ட்ஃபால் 21 நாளுக்கு 42,000, பி.எஃப். 1,248, லேப்டாப் சார்ஜர் தரவில்லை என்று 2,500.

முதலில் நாளை எண்ணுங்கள். மார்ச் 3 முதல் ஏப்ரல் 13 வரை 42 நாள், அப்படியானால் குறைவது 18 நாள்தான். 21 எங்கிருந்து வந்தது? மேனேஜர் போர்ட்டலில் அப்ரூவ் செய்த மார்ச் 6-இலிருந்து எண்ணியிருந்தார்கள். ஆஃபர் லெட்டரில் “ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து” என்று இருந்தது. அந்த வரியையும் என் மெயிலையும் இணைத்து அனுப்பியதும் 6,000 குறைந்தது. சார்ஜரை ஒப்படைத்தபோது ஐ.டி. டீம் போட்ட மெயிலைக் காட்டியதும் அந்த 2,500-ம் போனது. இப்போது நான் கட்ட வேண்டியது வெறும் 48 ரூபாய்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. லீவுக்குக் காசு தரும்போது பேசிக்கை 30-ஆல் வகுத்து நாளுக்கு 800 ரூபாய். நோட்டீஸுக்குப் பிடிக்கும்போது முழுச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து நாளுக்கு 2,000 ரூபாய். அதே ஆள், அதே நாள், இரண்டு விலை. பல கம்பெனிகளில் இப்படித்தான் இருக்கிறது. எந்தத் தொகையை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பதை ஆஃபர் லெட்டரில் பாருங்கள். நோட்டீஸுக்கும் “பேசிக்” என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க விடாதீர்கள். சில இடங்களில் லீவுக்கு 30-க்குப் பதில் 26-ஆல் வகுப்பார்கள், அது நமக்கு லாபம்.

என் லெட்டரில் நோட்டீஸுக்கு முழுச் சம்பளம் என்றே இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் பாலிசியில் இன்னொரு வரி இருந்தது: மிச்ச லீவை நோட்டீஸில் சரிக்கட்டலாம், மேனேஜர் ஒப்புதல் வேண்டும். நாளுக்கு 800-க்கு விற்கும் லீவு, 2,000 ரூபாய்க் கழிவை அடைக்கிறது! 14 நாளையும் சரிக்கட்டினால் ஷார்ட்ஃபால் 4 நாள், அதாவது 8,000. லீவ் என்கேஷ்மெண்ட் கிடையாது. 26,000-இல் 8,000-ஐயும் பி.எஃப். 1,248-ஐயும் கழித்தால் 16,752. இது நம் உரிமை இல்லை, அவர்கள் மறுக்கலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே கேட்பது நல்லது. நான் தாமதமாகத்தான் கேட்டேன், பழைய மேனேஜர் ஒரு வரி மெயில் போட்டு உதவினார்.

கழிவில் இன்னும் சிலவற்றைத் தேடிப் பாருங்கள். நோட்டீஸ் பிடித்தத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். அதற்கு வரி இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. ராஜினாமாவின்போது வரும் லீவ் பணத்துக்குத் தனியார் ஊழியர்களுக்கு 25 லட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு, அதற்குள் வேறு சில வரம்புகளும் உண்டு. சாதாரணத் தொகைக்கு டி.டி.எஸ். பிடித்திருந்தால் காரணம் கேளுங்கள். ஐந்து வருடம் முடித்தவர் என்றால் கிராஜுவிட்டி ஸ்டேட்மெண்டில் தனி வரவாக இருக்க வேண்டும், நோட்டீஸ் பாக்கியை அதில் கழிக்கக் கூடாது.

கேள்விகளை ஃபோனில் கேட்காதீர்கள். ஸ்டேட்மெண்டில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை நாள், எந்தத் தொகை, எதால் வகுத்தது என்று மெயிலில் கேளுங்கள். பதில் வரும்வரை “எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை” என்ற படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ரிலீவிங் லெட்டரைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். என்னையும் அப்படித்தான் செய்தார்கள். “கணக்கு சரியானதும் அன்றே கையெழுத்திடுகிறேன்” என்று பதில் போட்டேன், ஒன்பதாம் நாள் திருத்திய ஸ்டேட்மெண்ட் வந்தது.