ஊசிக்குள் சிப்பாய்கள் இல்லை

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியை விளக்கும் சுவரொட்டி செய்ய வேண்டும். ஊசியிலிருந்து வாளேந்திய சிப்பாய்கள் இறங்கிக் கிருமிகளை வெட்டுவதுபோல் நானே இரவு ஒரு மணி வரை வரைந்தேன். “ஆறு வயசுல ஊசி போட்டதும் எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, சிப்பாய்ங்க தோத்துட்டாங்களா?” என்று நச்சரித்த ஏழு வயது மகனைத் தூங்க அனுப்பிவிட்டேன். ஆசிரியை, சிறுவர்களுக்குப் புரியாது என்று திருப்பிவிட்டார். இன்னும் எப்படி எளிமையாக்குவது?

பதில்: எந்த வயதுப் பிள்ளைக்காக விடிய விடிய வரைந்தீர்களோ, அதே வயதுப் பிள்ளையைத்தான் தொந்தரவு என்று விரட்டியிருக்கிறீர்கள். உங்கள் படம் ஏற்கெனவே எளிமையாகத்தான் இருக்கிறது; அதன் குறை, அது தவறு என்பதே. அதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டான் உங்கள் மகன்.

ஊசிக்குள் சிப்பாய்கள் இல்லை. அரசு மருத்துவமனையில் ஐந்தாறு வயதில் போடும் முத்தடுப்பு ஊசியில், கொல்லப்பட்ட கக்குவான் இருமல் கிருமிகளும், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஆகியவற்றின் தீங்கு நீக்கிய நஞ்சுப்பொருள்களும் இருக்கின்றன. அதாவது உள்ளே போவது எதிரியின் சாயல். காவலர்கள் உங்கள் மகனின் உடம்பிலேயே இருப்பவர்கள். அந்தச் சாயலைக் கண்டதும் அவர்கள் விழித்து வேலை தொடங்குவதால்தான் ஓரிரு நாள் காய்ச்சல் வருகிறது. தோற்றதால் வந்ததல்ல அது, பயிற்சியின் சூடு என்று மகனிடம் இன்றே சொல்லுங்கள். காய்ச்சலைத் தோல்வி என்று நினைத்த பிள்ளை அடுத்த ஊசிக்குக் கையை நீட்டுமா?

ஆகவே மூன்றே படங்கள் போதும்: காவல் நிலையச் சுவரில் திருடனின் படம் ஒட்டப்படுகிறது; காவலர்கள் அதைப் பார்த்து முகத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள்; பிறகு உண்மையான திருடன் வரும்போது வாசலிலேயே அடையாளம் கண்டு மடக்குகிறார்கள். முகம் நன்றாகப் பதிய நாளாகும் என்பதைக் காட்ட, இரண்டாம் படத்தில் ஒரு நாள்காட்டி தொங்கட்டும். “இனி நோயே வராது” என்று மட்டும் எழுத வேண்டாம். மறுவாரம் சளி பிடித்த பிள்ளை சுவரொட்டியையே பொய் என்பான். இந்த ஊசி இந்த மூன்று நோய்களுக்கு மட்டும்தான் என்று எழுதச் சொல்லுங்கள்.

வரைவது உங்கள் மகளாகவே இருக்கட்டும். தம்பிக்குப் புரியவைப்பது அக்காவின் கடமை. அதையும் சேர்த்து நீங்கள் பறித்துக்கொண்டீர்கள். பென்சிலில் வரைந்ததும் எழுத்துகளை ஒரு தாளால் மறைத்துவிட்டு, கதையைச் சொல்லும்படி அவள் அவனிடம் கேட்கட்டும். “திருடன் போட்டோவைக் காட்டிப் பழக்கினாங்க” என்று அவன் சொன்னால் வண்ணம் தீட்டலாம். “ஊசிக்குள்ளேருந்து போலீஸ் வந்தாங்க” என்றால் முதல் படத்தை அழித்து மீண்டும் வரைய வேண்டியதுதான். அந்த நேரத்தில் நீங்கள் அடுக்களையிலேயே இருங்கள்.