ஏழும் இரண்டும்

அன்புள்ள ஐயா,

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் மணம் முடித்தவள். எங்கள் ஆயரிடம் முறைப்படி அனுமதி பெற்று, கணவரின் ஆலயத்தில், அவர்கள் போதகர் எங்கள் திருமணத்தை நடத்திவைத்தார். ஏழு அருளடையாளங்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். மாமியாரோ, “வேதத்தில் ஏழு என்று எங்கே இருக்கிறது? ஞானஸ்நானமும் திருவிருந்தும்தானே ஆண்டவர் கட்டளையிட்டது?” என்கிறார். ஆனால் அவர்கள் சபையிலும் திடப்படுத்தல் உண்டு, திருமண ஆராதனை உண்டு, குருப்பட்டம் உண்டு. எல்லாம் இருந்தும் ஏன் இரண்டை மட்டும் சாக்கிரமந்து என்கிறார்கள்? அப்படியானால் என் திருமணம் அருளடையாளமா, இல்லையா?

எஸ்.,
பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமியார் சொல்வது சரிதான், வேதாகமத்தில் ஏழு என்ற எண் இல்லை. இரண்டு என்ற எண்ணும் இல்லை. எதை அருளடையாளம் என்று அழைப்பது என்ற வரையறையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குள் எவையெல்லாம் அடங்குகின்றன என்று எண்ணியபோது வந்தவை இந்த எண்கள். ஆகவே இரு தரப்பாரும் எண்ணிக்கையில் மோதுவதுபோலத் தெரிந்தாலும், அவர்களுடைய உண்மையான வழக்கு வரையறையைப் பற்றியது.

முதல் ஆயிரம் ஆண்டுகளில் திருச்சபை இப்படி எண்ணிக்கொண்டிருக்கவில்லை. புனித அகுஸ்தீனார் இச்சொல்லை மிகத் தாராளமாகப் பயன்படுத்தினார். இறைவனுடைய காரியம் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் வகையில் சுட்டுகிற எதையும் அவரால் அப்படி அழைக்க முடிந்தது. பீட்டர் தமியானின் பெயரில் வழங்கிவந்த ஒரு மறையுரை பன்னிரண்டு என்று எண்ணியது. பாரிஸில் இறையியல் கற்பித்துப் பின்னர் அந்நகரின் ஆயரான பீட்டர் லொம்பார்து, பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில், வரையறையை இறுக்கினார். அருளைச் சுட்டிக்காட்டினால் மட்டும் போதாது, அந்த அருளுக்குக் காரணமாகவும் இருக்க வேண்டும் என்றார். திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறும் ஒப்புரவு, நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம் என்று நீங்கள் மனப்பாடம் செய்த ஏழும் அவருடைய பட்டியலாகவே நிலைத்தன. ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். திருமணத்தை ஏழில் ஒன்றாகச் சேர்த்த அதே லொம்பார்து, அது பாவத்துக்கு ஒரு மருந்துதானே தவிர மற்றவற்றைப்போல அருளை வழங்குவதில்லை என்றே கருதினார். அந்தக் கருத்தைப் பின்வந்தவர்கள் கைவிட்டார்கள், பட்டியலை வைத்துக்கொண்டார்கள். 1439இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் அர்மேனியருக்காக வெளியிட்ட ஆணையில் இந்த ஏழும் விளக்கத்தோடு இடம்பெற்றன.

இங்கேதான் மார்ட்டின் லூத்தர் வருகிறார். 1520இல் அவர் எழுதிய ‘திருச்சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு’ என்ற நூலை, உங்கள் கேள்விக்கான மூல ஆவணம் என்றே சொல்லலாம். அந்நூலின் தொடக்கத்தில் அவர் ஏழை மறுத்து, இப்போதைக்கு மூன்று என்கிறார்: திருமுழுக்கு, ஒப்புரவு, அப்பம். நூலின் இறுதிக்கு வரும்போது, கண்டிப்பாகப் பேசுவதென்றால் இரண்டுதான் என்று முடிக்கிறார். ஒரே நூலுக்குள் மூன்று இரண்டாகக் குறைந்ததைத் தடுமாற்றம் என்று சிலர் கேலி செய்வதுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய அளவுகோல் எங்கே எப்படி வெட்டுகிறது என்பதை அந்த இடத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

லூத்தருக்கு அருளடையாளம் என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதி. இறைவன் பாவமன்னிப்பை வாக்களிக்கிறார். அந்த வாக்கோடு கண்ணால் காணக்கூடிய ஓர் அடையாளத்தையும் இணைக்கிறார். மனிதன் அதை நம்பிக்கையால் பெற்றுக்கொள்கிறான். அப்படியானால் வாக்குறுதியைக் கொடுக்க வேண்டியவர் கிறிஸ்துவே. திருச்சபை தன் விருப்பப்படி இறைவன் பெயரில் வாக்குக் கொடுக்க முடியாது. தண்ணீரும் “தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால்” என்ற கட்டளையும் திருமுழுக்கில் இருக்கின்றன. அப்பமும் இரசமும் “இது உங்களுக்காக” என்ற சொல்லும் திருவிருந்தில் இருக்கின்றன. உறுதிப்பூசுதலுக்கு, அதாவது உங்கள் கணவரின் சபையார் சொல்லும் திடப்படுத்தலுக்கு, கிறிஸ்துவின் வாக்குறுதி எதுவும் நற்செய்தியில் இல்லை. திருமணம் படைப்பின் தொடக்கத்திலிருந்தே, கிறிஸ்துவை அறியாதவரிடையேயும், இருந்துவருவது. குருத்துவம் திருச்சபையின் ஒழுங்கு. நோயில் பூசுதலுக்கு யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் மூப்பர்கள், எண்ணெய், மன்னிப்பு எல்லாமே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் யாக்கோபே எழுதியிருந்தாலும், ஒரு திருத்தூதர் தன் அதிகாரத்தில் அருளடையாளத்தை ஏற்படுத்த முடியாது என்று லூத்தர் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்.

சிக்கல் ஒப்புரவில் வருகிறது. அங்கே கிறிஸ்துவின் வாக்குறுதி ஐயமின்றி இருக்கிறது. “எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்” என்று உயிர்த்த இயேசு சீடர்களிடம் சொல்வதை யோவான் 20இல் வாசிக்கிறோம். லூத்தர் பாவ அறிக்கையைப் பெரிதும் மதித்தவர். அதனால்தான் முதலில் அதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டார். ஆனால் தண்ணீரைப்போல, அப்பத்தைப்போல, கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள் ஒன்று அங்கே இல்லை. ஆகவே, ஒப்புரவு என்பது திருமுழுக்கின் வாக்குறுதிக்குத் திரும்பிச் செல்லும் வழி என்று சொல்லி, அதைத் திருமுழுக்கோடு சேர்த்துவிட்டார்.

கத்தோலிக்கத் தரப்பின் பதில் திரெந்து பொதுச்சங்கத்தில் வந்தது. 1547 மார்ச்சில் கூடிய ஏழாம் அமர்வு, அருளடையாளங்கள் ஏழுக்குக் கூடவோ குறையவோ இல்லை என்றும், ஏழையும் ஏற்படுத்தியவர் கிறிஸ்துவே என்றும் அறுதியிட்டது. “ஏற்படுத்தியவர் கிறிஸ்துவே” என்ற விதியை இரு தரப்பும் ஒப்புக்கொள்வதைக் கவனியுங்கள். அதை எப்படி அறிவது என்பதில்தான் பிரிகிறார்கள். நற்செய்தியில் வெளிப்படையான கட்டளை வேண்டும் என்பது சீர்திருத்தவாதிகளின் வாதம். திருத்தூதர்களின் நடைமுறையும் அதைக் கையளித்து வந்த மரபும் சான்றே என்பது கத்தோலிக்க வாதம். ஆகவேதான் 1551ஆம் ஆண்டு அமர்வில், நோயில் பூசுதலைக் கிறிஸ்து ஏற்படுத்தினார், யாக்கோபு அதை மக்களுக்கு அறிவித்தார் என்று சங்கம் சொன்னது. ஒப்புரவில் பொருள் எங்கே என்ற கேள்விக்கும் அதே அமர்வு பதில் தந்தது: பாவத்துக்காக வருந்துதல், அதை அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் என்ற மூன்று செயல்களும் அங்கே பொருளின் இடத்தில் நிற்கின்றன, குருவின் மன்னிப்பு மொழி அதற்கு வடிவம் தருகிறது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மனிதனின் மனமாற்றம் நிற்கிறது என்பதே இதன் பொருள். எனக்கு இது மிக ஆழமான பதிலாகப் படுகிறது. ஆனால் கண்ணால் காணும் பொருள் வேண்டும் என்று கேட்டவருக்கு இது நிறைவளித்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சீர்திருத்தத் தரப்பின் அளவுகோலிலும் ஓர் இடைவெளி உண்டு. யோவான் 13இல் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். தண்ணீர் இருக்கிறது, “நீங்களும் ஒருவர் மற்றவருடைய பாதங்களைக் கழுவுங்கள்” என்ற கட்டளையும் இருக்கிறது. பிறகு ஏன் அது மூன்றாவதாகவில்லை? அதோடு பாவமன்னிப்பின் வாக்குறுதி இணைக்கப்படவில்லை, அது பணிவுக்கான முன்மாதிரி என்று பெரும்பாலான சபைகள் விளக்குகின்றன. அந்த விளக்கத்தை ஏற்காமல், திருவிருந்தோடு பாதம் கழுவுதலையும் முறையாக நடத்துகிற சபைகள் உள்ளன. ஏழாம் நாள் ஆட்வென்டிஸ்ட் சபையார் அவர்களில் ஒருவர். மறுகோடியில் குவேக்கர்களும் இரட்சணிய சேனையும் எந்தச் சாக்கிரமந்தையும் சடங்காக நடத்துவதில்லை. சீர்திருத்தம் என்றாலே இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

லூத்தரின் நெருங்கிய தோழரான மெலாங்தனே 1531இல், லூத்தர் தரப்பின் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கைக்கு எழுதிய விளக்கத்தில் பாவமன்னிப்பு வழங்குதலையும் சேர்த்து மூன்றாக எண்ணினார். குருப்பட்டத்தையும் அப்படி அழைப்பதில் தமக்குத் தடையில்லை என்றார், அது நற்செய்தி அறிவிக்கும் பணியைக் குறிக்குமானால். கால்வின்கூட, போதகர்மேல் கைகளை வைத்தலை அப்படி அழைக்க ஓரளவு இணங்கினார். எல்லா விசுவாசிகளுக்கும் உரியதல்ல என்பதால் பொதுவான கணக்கில் சேர்க்கவில்லை.

உங்கள் கணவரின் சபையில் ஏன் எல்லாம் இருக்கின்றன என்பதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். லூத்தருக்கு எதிராக ஏழையும் ஆதரித்து 1521இல் நூல் வெளியிட்டு, திருத்தந்தையிடம் ‘விசுவாசத்தின் காவலர்’ என்ற பட்டம் பெற்றவர் மன்னர் எட்டாம் ஹென்றி. அவருடைய மகள் எலிசபெத்தின் காலத்தில் வகுக்கப்பட்ட முப்பத்தொன்பது விதிகளில் இருபத்தைந்தாவது, நற்செய்தியில் கிறிஸ்து ஏற்படுத்தியவை இரண்டு என்றும், பொதுவாகச் சாக்கிரமந்துகள் என்று அழைக்கப்படும் மற்ற ஐந்தை நற்செய்தியின் சாக்கிரமந்துகளாக எண்ணலாகாது என்றும் சொல்கிறது. அந்த ஐந்தையும் நடத்தவே கூடாது என்று அது சொல்லவில்லை. ஆங்கிலிக்கன் திருச்சபை ஆயர்களையும் திடப்படுத்தலையும் திருமண ஆராதனையையும் வைத்துக்கொண்டது. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஏற்கெனவே சேர்ந்திருந்த சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இந்த மரபும் கூடவே வந்தது. அவர்களைப் பொறுத்தவரை திடப்படுத்தலும் திருமணமும் இறைவனின் ஆசி வேண்டும் நல்ல ஆராதனைகள். பாவமன்னிப்பின் வாக்குறுதியை முத்திரையிடுபவை அல்ல.

இனி உங்கள் திருமணம். கத்தோலிக்கப் போதனையின்படி (இலத்தீன் வழிபாட்டு மரபில்) திருமண அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் அவர்கள் சம்மதத்தைக் கேட்டு ஏற்பவர். திருமுழுக்குப் பெற்ற இருவரிடையே செல்லத்தக்க திருமண ஒப்பந்தம் ஏற்பட்டால் அது அருளடையாளமாகவும் இருக்கிறது, இரண்டையும் பிரிக்க முடியாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1055ஆம் விதி. தண்ணீரால், மூவொரு இறைவன் பெயரால் உங்கள் கணவர் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லத்தக்கதாகவே ஏற்கிறது. கத்தோலிக்கர் ஒருவர் வழக்கமாகக் குரு அல்லது திருத்தொண்டர் முன்னும் இரு சாட்சிகள் முன்னும் சம்மதம் தர வேண்டும். அந்த முறையிலிருந்து விலக்களிக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் சொல்லும் அனுமதி, கலப்புத் திருமணத்துக்கான அனுமதியோடு இந்த விலக்கையும் சேர்த்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் தனித்தனியானவை. பங்கு அலுவலகத்தில் உள்ள பதிவில் அது இருக்கும். விலக்கு பெற்றிருந்தால், போதகர் முன் நடந்த உங்கள் திருமணம் கத்தோலிக்கப் பார்வையில் முழுமையான அருளடையாளம்.

இதை உங்கள் மாமியாருக்குச் சொன்னால் வியப்படைவார்: அவருக்கும் உங்கள் மாமனாருக்கும், இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதால், தென்னிந்தியத் திருச்சபையில் நடந்த திருமணத்தையும் கத்தோலிக்கத் திருச்சபை அருளடையாளம் என்றே கருதுகிறது, அவர்கள் அப்படி அழைக்காவிட்டாலும். இது வெறும் மரியாதைப் பேச்சு என்று எண்ண வேண்டாம். சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஒருவர் நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றுவிட்டு, கத்தோலிக்கர் ஒருவரை மணக்க வந்தால், பங்குக் குரு அவருடைய முதல் திருமணத்தைக் கடந்துபோக மாட்டார். அது தொடக்கத்திலேயே செல்லாததாக இருந்ததா என்பதை மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஆராய்ந்து முடிவு சொல்லும் வரை காத்திருக்கச் சொல்வார்.